இறந்தவர் விலகுவாரா என்று கணிக்க முடியுமா?

அந்தக் கோப்பில் ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் அது. வாடிக்கையாளர் ஏன் இணைப்பை விட்டார் என்று குறிக்கும் கட்டத்தில், அந்த ஆறு பேருக்கு நேரே `Deceased` என்று எழுதியிருக்கிறது. மற்றவர்களுக்கு வேறு காரணங்கள். போட்டி நிறுவனம் நல்ல கருவி கொடுத்தது, வாடிக்கையாளர் சேவையில் பேசியவரின் போக்கு பிடிக்கவில்லை, வீடு மாறிப் போனார் என்பது போல.

எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன தம்பி ஒருவர், இந்தக் கோப்பை வைத்து ஒரு கணிப்பு மாடல் செய்துகொண்டிருந்தார். எந்த வாடிக்கையாளர் விலகப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தொழிலில் இதைச் 'சர்ன்' கணிப்பு என்பார்கள். சாயங்காலம் என் மேசைக்கு வந்து மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். துல்லியம் 100 சதவீதம்.

"அக்கா, ஒரு ஆள் கூடத் தப்பலை."

அந்த ஆறு பேரின் வரிகளைத் திறந்து அவரிடம் காட்டினேன். "இவர் இறந்துட்டார்னு இந்தக் கட்டத்துல எப்ப எழுதியிருப்பாங்க?" என்று கேட்டேன். "இணைப்பை நிறுத்தினப்போ" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. இணைப்பு நின்ற பிறகு எழுதப்பட்ட ஒன்றை வைத்து, இணைப்பு நிற்குமா என்று கணித்திருக்கிறார். வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த தேர்வு மாதிரி. மாடல் எதையும் கற்கவில்லை, பார்த்து எழுதியிருக்கிறது. தரவுத் துறையில் இதற்கு 'லீக்கேஜ்' என்று பெயர். கசிவு என்று நாம் சொல்லலாம்.

இந்தக் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐபிஎம் நிறுவனம் தன் மென்பொருளோடு பயிற்சிக்காக வெளியிட்டது. கலிபோர்னியாவில் வீட்டுத் தொலைபேசியும் இணையமும் தரும் ஒரு கற்பனை நிறுவனம், அதன் 7,043 வாடிக்கையாளர்கள், ஒரு காலாண்டின் நிலவரம். இதில் 1,869 பேர் விலகியவர்கள், 5,174 பேர் தங்கியவர்கள். சர்ன் கணிப்பு கற்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது தொட்டிருக்கும் தரவு இது. இதற்கு ஒரு சிறிய வடிவம் உண்டு, 21 நெடுவரிசைகள் மட்டும். அதில் விடையை நேரடியாகச் சொல்லும் நெடுவரிசை `Churn` ஒன்றுதான். தம்பி எடுத்தது பிறகு வந்த பெரிய வடிவம். ஐந்து அட்டவணைகளாக வருவதை ஒன்றாக இணைத்திருந்தார். அந்த ஐந்தில் கடைசி அட்டவணையின் பெயர் `Status`. கசிவு முழுக்க அங்கேயிருந்துதான் வந்தது.

தம்பி கவனமில்லாதவர் அல்ல. அவர் செய்தது எல்லாம் பாடப்புத்தகம் சொல்கிறபடிதான். கணிக்க வேண்டிய இலக்காக `Churn Value` என்ற நெடுவரிசையை எடுத்துக்கொண்டார். விலகியவருக்கு 1, தங்கியவருக்கு 0. வாடிக்கையாளர் எண்ணை நீக்கினார். காலியாக இருந்த கட்டங்களில் `None` என்று நிரப்பினார். சொற்களை எண்களாக மாற்றினார். தரவை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கில் மாடலைப் பழக்கி, மறு பங்கில் சோதித்தார். கடைசி வரியில் 1.0 என்று வந்தது.

அந்தக் காலிக் கட்டங்களில்தான் விஷயம் இருக்கிறது. `Churn Reason` என்ற நெடுவரிசை, விலகிய 1,869 பேருக்கு மட்டும் நிரம்பியிருக்கிறது. மற்ற 5,174 பேருக்கும் காலி. அவர்கள் விலகவில்லை, அதனால் விலகிய காரணமும் இல்லை. ஆக, காரணம் என்ன என்று படிக்கவே தேவையில்லை. கட்டம் நிரம்பியிருந்தால் விலகியவர், காலியாக இருந்தால் தங்கியவர். காலிக் கட்டங்களில் `None` என்று நிரப்பியதும் அது மற்றச் சொற்களைப் போல ஒரு சாதாரணச் சொல்லாகிவிட்டது. பாதிக்கு மேல் காலியான ஒரு நெடுவரிசை கண்ணில் உறுத்தும், நிரப்பிவிட்டால் உறுத்தாது. அதனால் நான் யாருக்கும் சொல்வது, எதையும் நிரப்புவதற்கு முன்னால் எந்த நெடுவரிசையில் எத்தனை காலி என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை விலகியவர், தங்கியவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 5,174 காலி, 5,174 தங்கியவர் என்று இரண்டும் ஒத்துப்போனால் அது தற்செயல் அல்ல.

இப்படிப்பட்ட மாடலை நாளைக்கே நிறுவனத்தில் ஓடவிட்டால் என்ன நடக்கும்? இன்று இணைப்பில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுப்போம். அதில் ஒருவருக்கும் விலகிய காரணம் எழுதியிருக்காது. ஆகவே மாடல் ஒவ்வொருவரையும் பார்த்து 'இவர் தங்குவார்' என்று சொல்லும். சோதனையில் 100 வாங்கிய மாடல், களத்தில் ஒரே ஒரு ஆளைக்கூடக் காட்டிக்கொடுக்காது. இது நடைமுறையில் நல்ல அடையாளம். சோதனையில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் விலகுவார்கள் என்று காட்டிய மாடல், இன்றைய பட்டியலில் ஒருவரையுமே காட்டவில்லை என்றால், அது நம்பியிருந்த நெடுவரிசை இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

தம்பி `Churn Reason`-ஐ நீக்கினார். துல்லியம் அசையவில்லை. `Churn Category` என்று இன்னொன்று இருந்தது. அதே காரணங்களை ஐந்து பெருந்தலைப்புகளில் தொகுத்தது. அதையும் நீக்கினார். அசையவில்லை. `Churn Label` என்பது `Churn Value`-வையே எண்ணுக்குப் பதிலாக `Yes`, `No` என்று எழுதியது. `Customer Status` என்பதில் `Churned`, `Stayed`, `Joined` என்று மூன்று நிலைகள். அந்தக் காலாண்டில் புதிதாகச் சேர்ந்த 454 பேருக்கு `Joined`. விலகிய 1,869 பேருக்கும் `Churned`. ஒரே விடையை நான்கு கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்தாலே தெரியக்கூடிய கசிவுகள் இவை. நாற்பது, ஐம்பது நெடுவரிசைகள் இருக்கும் கோப்பில் ஒவ்வொன்றின் பெயரையும் யாரும் நின்று படிப்பதில்லை என்பதால்தான் நழுவிப் போகின்றன. இவை நான்கும் போன பிறகும் துல்லியம் 90-க்குக் கீழே வரவில்லை.

"இப்ப சரிதானே அக்கா? 100 இல்லையே" என்றார்.

சரியில்லை. இந்தத் தரவைப் பல வருடமாகப் பார்த்தவர்களுக்கு, நேர்மையான நெடுவரிசைகளை மட்டும் வைத்தால் துல்லியம் 80 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும் என்று தெரியும். எல்லாரும் தங்குவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 73.5 சதவீதம் சரியாக வரும், தங்கியவர்களே அவ்வளவு பேர் இருப்பதால். 73.5-க்கும் 80-க்கும் இடையில்தான் மாடலின் உழைப்பு. 90-ஐத் தாண்டினால் இன்னும் ஏதோ ஒளிந்திருக்கிறது.

எது என்று தேட எளிய வழி ஒன்று உண்டு. எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்து மாடலுக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுத்துப் பார்ப்பது. தனியாக நின்று எவ்வளவு சொல்கிறது என்று மதிப்பெண் போடுவது.

```python
import pandas as pd
from sklearn.tree import DecisionTreeClassifier
from sklearn.model_selection import cross_val_score

df = pd.read_csv("telco.csv")
y = df["Churn Value"]
for c in df.columns.drop("Churn Value"):
    s = df[c]
    if not pd.api.types.is_numeric_dtype(s):
        s = s.astype("category").cat.codes
    m = DecisionTreeClassifier(max_depth=3)
    auc = cross_val_score(m, s.to_frame(), y, cv=5, scoring="roc_auc").mean()
    print(c, round(auc, 2))
```

இங்கே வரும் மதிப்பெண்ணுக்கு ஏயுசி என்று பெயர். விலகிய ஒருவரையும் தங்கிய ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், யார் விலகியவர் என்று எத்தனை தடவை சரியாகச் சொல்ல முடியும் என்பதன் அளவு அது. நாணயம் சுண்டிச் சொன்னால் 0.5. ஒருபோதும் தவறாமல் சொன்னால் 1. இந்தத் தரவில் நேர்மையான நெடுவரிசைகளில் வலுவான ஒன்று, ஒப்பந்த வகை. மாதாமாதம் புதுப்பிப்பவரா, ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தமா என்பது. சிறிய வடிவத்தில் அது தனியாக 0.74 வரை வரும். எல்லா நல்ல நெடுவரிசைகளும் சேர்ந்து நல்ல மாடல் ஒன்றில் 0.84-ஐ ஒட்டி வரும். ஆகவே ஒற்றை நெடுவரிசை ஒன்று தனியாளாக 0.84-ஐத் தாண்டினால் அதை நிறுத்தி விசாரிக்க வேண்டும். தம்பியின் பட்டியலில் அப்படி நின்றது `Satisfaction Score`. 0.95.

வாடிக்கையாளர் திருப்தி. 1 என்றால் மிகவும் அதிருப்தி, 5 என்றால் மிகவும் திருப்தி. தம்பிக்கு இது நியாயமாகப் பட்டது. அதிருப்தியுள்ளவர் விலகுவார், இதில் என்ன சந்தேகம் என்றார். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் பட்டது. ஆனால் எண்களை விரித்துப் பார்க்க வேண்டும்.

1 கொடுத்தவர்கள் 922 பேர். எல்லாரும் விலகியவர்கள். 2 கொடுத்தவர்கள் 518 பேர். அவர்களும் எல்லாரும் விலகியவர்கள். 4 கொடுத்த 1,789 பேரில் ஒருவர்கூட விலகவில்லை. 5 கொடுத்த 1,149 பேரிலும் ஒருவரும் இல்லை. 3 கொடுத்த 2,665 பேர் மட்டும் கலந்திருக்கிறார்கள், அதில் 429 பேர் விலகினார்கள்.

இதை வைத்து மாடலே இல்லாமல் ஒரு விதி எழுதலாம். 1, 2 என்றால் விலகுவார், மற்றவர்கள் தங்குவார்கள். இந்த விதி தவறுவது 3 கொடுத்து விலகிய அந்த 429 பேரிடம் மட்டும். மீதி 6,614 பேரிடம் சரி. அதாவது 93.9 சதவீதம். இருபது நெடுவரிசைகளோடு மல்லுக்கட்டும் மாடல் 80-இல் நிற்கும்போது, ஒற்றை வரி விதி 94-ஐத் தொடுகிறது.

மனிதர்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. அதுதான் எனக்கு இந்த எண்களில் உறுத்துவது. சேவை பிடித்திருந்தும் வேறு ஊருக்கு வீடு மாறுபவர் உண்டு. இந்தக் கோப்பிலேயே அப்படிக் காரணம் எழுதப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இறந்துபோன அந்த ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட 4-ஓ 5-ஓ கொடுத்திருக்கவில்லை. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். சேவையைத் திட்டிக்கொண்டே பத்து வருடம் அதே இணைப்பை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! எண்ணை மாற்ற அலுப்பு, ஒப்பந்தம் முடியவில்லை, அந்தப் பகுதியில் வேறு நிறுவனம் இல்லை. இந்தக் கோப்பில் அப்படி ஒருவரும் இல்லை. 1 கொடுத்துவிட்டுத் தங்கியவர் பூஜ்யம். வெறும் வலுவான தொடர்பு எனக்குச் சந்தேகம் தருவதில்லை. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லாத தொடர்புதான் தருகிறது.

பிறகு கேட்க வேண்டியது, இந்தத் திருப்தி எண்ணை எப்போது கேட்டு எழுதினார்கள் என்பது. கோப்பில் தேதி இல்லை. காலாண்டு மட்டும் இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே காலாண்டு. விலகிய அதே காலாண்டின் எண். விலகுவதற்கு முன்பு கேட்டதா, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அழைத்தபோது கேட்டதா என்று கோப்பு சொல்வதில்லை. தேதி தெரியாமல் இதை மாடலில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தேதி தெரிந்தால், விலகலுக்கு மூன்று மாதம் முன்னால் கேட்ட திருப்தி எண்ணை நான் ஆசையாக எடுத்துக்கொள்வேன். ஒரே பெயர், ஒரே நெடுவரிசை, எழுதிய நாள் வேறானால் ஒன்று கசிவு, ஒன்று பொக்கிஷம்.

அலுவலகத்தில் நாங்கள் நெடுவரிசை என்றெல்லாம் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் சொல்வது போலக் 'காலம்' என்போம். இந்தக் காலம் எந்தக் காலத்தில் எழுதினது என்று தம்பியிடம் கேட்டபோது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

`Churn Score` வேறு வகை. 0 முதல் 100 வரை ஓர் எண், எவ்வளவு அதிகமோ அவ்வளவு விலகும் வாய்ப்பு. ஐபிஎம்மின் எஸ்பிஎஸ்எஸ் மாடலர் என்ற கணிப்பு மென்பொருள் கணக்கிட்டது என்று கோப்பின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. அதாவது நாம் கட்டப்போகும் மாடலுக்கு இன்னொரு மாடலின் விடையைக் கொடுக்கிறோம். அந்த முதல் மாடல் இதே வாடிக்கையாளர்களின் முடிவைப் பார்த்துப் பழகியிருந்தால், அந்த எண்ணில் முடிவின் சாயம் ஏறியிருக்கும்.

இதே விஷயம் இன்னும் அப்பட்டமாக இருக்கும் கோப்பும் உண்டு. கேகிள் தளத்தில் பதிவேற்றப்பட்ட ஒரு கடன் அட்டை வாடிக்கையாளர் தரவு, `BankChurners.csv`, 10,127 பேர். அதன் கடைசி இரண்டு நெடுவரிசைகளின் பெயர் `Naive_Bayes_Classifier_Attrition_Flag` என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்குப் போகும். யாரோ ஏற்கெனவே ஓட்டிய மாடலின் விடைகள் அவை, அழிக்கப்படாமல் கோப்போடு வந்துவிட்டன. பதிவேற்றியவரே அந்த இரண்டையும் கண்டுகொள்ளாதீர்கள் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். குறிப்பைப் படிக்காதவர்களுக்கு அற்புதமான மாடல் கிடைக்கும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு வங்கித் தரவு. 10,000 வாடிக்கையாளர்கள், 2,038 பேர் வங்கியை விட்டு வெளியேறியவர்கள். அதன் பழைய வடிவத்தில் இல்லாத ஒரு நெடுவரிசை பிறகு வந்த வடிவத்தில் சேர்ந்திருக்கிறது. `Complain`. வாடிக்கையாளர் புகார் கொடுத்தாரா, இல்லையா. இதைவிட நியாயமான தகவல் இருக்க முடியுமா? நிர்வாகிகள் முன்னால் இதை வைத்தால் உடனே தலையாட்டுவார்கள், புகார் கொடுத்தவர் போகத்தான் செய்வார் என்று. எண்களைப் பாருங்கள். புகார் கொடுத்தவர்கள் 2,044 பேர். அதில் 2,034 பேர் வெளியேறினார்கள். புகார் கொடுக்காத 7,956 பேரில் வெளியேறியவர்கள் நான்கே நான்கு பேர்.

புகார் கொடுத்தும் வங்கியிலேயே இருந்தவர்கள் பத்து பேர்தான். நாம் எத்தனை பேர் வங்கியில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அதே கணக்கை வைத்திருக்கிறோம். ஒரு பேச்சும் பேசாமல் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போனவர்கள் எத்தனை பேர். உண்மையான வங்கி ஒன்றில் 10,000 பேருக்கு நான்கு பேர் மட்டும் சொல்லாமல் போவார்கள் என்று நம்ப முடியாது. இப்படி ஒரு நெடுவரிசையைப் பார்த்தால் நான் கேட்பது, கணக்கை மூடக் கேட்ட விண்ணப்பமே புகார்ப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதுதான். நிறுவனங்களில் ஒரே மென்பொருள் வழியாகத்தான் கோரிக்கை, புகார், மூடல் எல்லாமே போகும். வெளியே வரும்போது எல்லாமே ஒரே தலைப்பில் வரும்.

இந்த இடத்தில் தம்பி நல்ல கேள்வி ஒன்று கேட்டார். விலகலுக்கு முன்பே எழுதப்பட்டது என்று தேதியோடு நிரூபித்துவிட்டால் போதுமா?

போதாது. நம் ஊர் செல்பேசியையே எடுத்துக்கொள்வோம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற `PORT` என்று எழுதி இடைவெளி விட்டு நம் எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். யுபிசி என்ற எட்டெழுத்துக் குறியீடு வருகிறது. அதைப் புதிய நிறுவனத்தில் கொடுத்தால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் எண் மாறிவிடும். குறியீடு கேட்ட நாள், விலகிய நாளுக்கு முந்தியதுதான். தேதிப்படி பார்த்தால் கசிவு இல்லை. ஆனால் அதைக் கொண்டு கணித்து என்ன செய்வது? அவர் மனத்தளவில் போய்விட்டார், மிச்சமிருப்பது சில நாள். சலுகை கொடுத்துத் தக்கவைக்கும் குழுவுக்குப் பட்டியல் போய், அவர்கள் அழைப்பதற்கு இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். அந்த அவகாசத்துக்கு உள்ளே எழுதப்பட்ட எதுவும் நமக்குப் பயன்படாது. ஆனால் மாடல் அதையே பிடித்துத் தொங்கும், மெல்லிய தடயங்களைத் தேடிக் கற்காது.

ஆகவே தரவை எடுக்கும்போதே ஒரு நாளைக் கோடாகக் கிழிக்க வேண்டும். உதாரணத்துக்குச் செப்டம்பர் 30. அன்று இரவு வரை எழுதப்பட்டது மட்டும் உள்ளே வரலாம். அடுத்து அக்டோபரை அவகாசமாக விட்டுவிட வேண்டும், அந்த மாதத்தில் போனவர்களைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. நவம்பரில் யார் போனார்கள் என்பதுதான் கணிக்க வேண்டிய இலக்கு. கேட்க எளிது. செய்யும்போது கஷ்டம் எங்கே வருகிறது என்றால், நிறுவனத்தின் அட்டவணைகளில் பல கட்டங்கள் அழித்து எழுதப்படுபவை. செப்டம்பர் 30-இல் அதில் என்ன இருந்தது என்று டிசம்பரில் போய்க் கேட்டால், டிசம்பரில் இருப்பதைத்தான் கொடுக்கும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ஒரு இணையச் சேவை நிறுவனத்துக்காக வேலை செய்தோம். நெடுவரிசைப் பெயர்களில் விலகல் என்ற சொல்லே இல்லை. தனித்தனியாக மதிப்பெண் போட்டபோதும் ஒன்றும் 1-ஐத் தொடவில்லை. மாதக் கட்டணம் மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகம் சொன்னது. கட்டணம் விலகலைப் பாதிக்கும் என்பது இயல்புதானே என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். களத்தில் மாடல் படுத்துவிட்டது. திரும்ப வந்து விலகியவர்களின் மாதக் கட்டணத்தை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால், பாதிக்கு மேல் பூஜ்யம். இணைப்பை மூடியதும் பில்லிங் மென்பொருள் அவர்களை ஒரு பூஜ்யத் திட்டத்துக்கு மாற்றிவிட்டு, பழைய கட்டணத்தை அழித்துவிடுகிறது. மீதிப் பேருக்கு மாற்றுவதற்குள் எங்களுக்குத் தரவு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் மதிப்பெண் 1-ஐத் தொடவில்லை, அதனால்தான் நான் ஏமாந்தேன். அன்றிலிருந்து சராசரியைப் பார்த்து நான் எதையும் நம்புவதில்லை. விலகியவர்கள் இருபது பேர், தங்கியவர்கள் இருபது பேர் என்று வரிகளைக் கையால் எடுத்து, கட்டம் கட்டமாகப் படிப்பேன். அப்படிப் படித்திருந்தால் அந்தப் பூஜ்யங்கள் ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

தம்பி `Satisfaction Score`, `Churn Score` இரண்டையும் எடுத்தார். சந்தேகமே வேண்டாம் என்று `Status` அட்டவணையில் இலக்கைத் தவிர மற்றதையும் விட்டுவிட்டு, 21 நெடுவரிசைச் சிறிய வடிவத்திலேயே மறுபடி ஓட்டினார். துல்லியம் 80. முகம் வாடிப் போனது. ஆனால் இந்த 80-இல் கிடைப்பது எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. மாதாமாதம் புதுப்பிக்கும் 3,875 பேரில் 1,655 பேர் போயிருக்கிறார்கள், நூற்றுக்கு 43 பேர். ஈராண்டு ஒப்பந்தம் போட்ட 1,695 பேரில் போனவர்கள் 48 பேர், நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒருவர் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்பது அவர் இணைப்பில் இருக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. இன்று இணைப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது.

இது பயிற்சிக் கோப்பு, யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் உண்மையான கோப்பு அடுத்த வாரம் தம்பியின் கைக்கு வந்தது. 62 நெடுவரிசைகள். அவர் நோட்டில் ஒவ்வொரு பெயரையும் எழுதி, நேரே மூன்று கேள்விகள் போட்டிருந்தார். யார் எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், பிறகு மாற்றுகிறாரா. பாதிக்கு மேல் விளக்கக் குறிப்பிலேயே பதில் இருந்தது. மீதிக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். தனி மதிப்பெண்ணில் 0.91 வாங்கிய ஒரு நெடுவரிசை இருந்தது, கடைசியாக அழைத்தபோது வாடிக்கையாளர் சொன்ன விஷயத்தின் வகை. அதை நிரப்பும் அழைப்பு மையத்துப் பெண்ணை ஒலிபெருக்கியில் போட்டு என்னையும் கூப்பிட்டார்.

"அந்தக் கட்டத்தை எப்ப நிரப்புவீங்க?"

"எல்லாக் காலுக்கும் நிரப்பணும்னுதான் சொல்லுவாங்க சார். ஆனா லைனை கட் பண்ணச் சொல்லிக் கேட்டாங்கன்னா மட்டும்தான் அது நிரப்பாம அடுத்த ஸ்கிரீன் வராது. மத்ததுக்கு விட்டுட்டுப் போயிடலாம். விட்டுட்டுதான் போவோம்."

தம்பி நன்றி சொல்லி வைத்துவிட்டு, நோட்டில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.